ஜோபர்க்கிலிருந்து டர்பனுக்கு: விமானம் இறங்கும்போது வரும் காதடைப்பும் தலைவலியும்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். ஜூலை மாதக் குளிர், மூக்கில் லேசான அடைப்பு. டர்பனில் ஒரு கல்யாணத்துக்குப் போக விடிகாலை விமானத்தில் ஏறி, உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டேன். ஒரு மணி நேரப் பயணம்தானே! வலது புருவத்துக்கு மேல் யாரோ கோணி ஊசியால் குத்துவது போல இருக்கவே விழித்தேன். சன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்கள் தெரிந்தன. வலது காது கிணற்றுக்குள் இருப்பது போல அடைத்திருந்தது. பயந்துபோய் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தையும் கூட்டி ஊதினேன். காது திறக்கவில்லை, வலிதான் இரண்டு மடங்கானது.

தலைவலி தரையிறங்கி அரை மணி நேரத்தில் அடங்கியது. காதோ நான்கு நாள் மந்தமாகவே இருந்தது. தாலி கட்டும்போது அடித்த கெட்டிமேளத்தை ஒரு காதால்தான் கேட்டேன். அந்த நான்கு நாளில் நான் செய்த தவறுகளையும், பிறகு டாக்டரிடமும் பார்மசியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கீழே வரிசையாக எழுதுகிறேன். ஜோபர்க்–டர்பன் தடத்தை மனத்தில் வைத்து எழுதியது. சென்னைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் உங்கள் தடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு காலி தண்ணீர் பாட்டிலை விமானம் உயரத்தில் பறக்கும்போது இறுக்கி மூடி வையுங்கள். டர்பனில் இறங்கியதும் எடுத்துப் பாருங்கள், நசுங்கிப் போயிருக்கும். அதே பாட்டிலை ஜோபர்க்கில் இறங்கும்போது பார்த்தால் லேசாகத்தான் ஒடுங்கியிருக்கும்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலை மேல் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஜோபர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் காதுக்கு அதிக வேலை இல்லை. டர்பனின் கிங் ஷாகா நிலையமோ கடலோரம், நூறு மீட்டர் உயரம்கூட கிடையாது. கேபின் 2,100 மீட்டர் நிலையில் இருந்தது என்று வைத்துக்கொண்டால், டர்பனில் இறங்கும்போது மூடிய பாட்டிலில் உள்ள காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். ஜோபர்க்கில் இறங்கும்போது இருபதில் ஒரு பங்குதான் சுருங்கும்.

உங்கள் நடுக்காதும் அப்படி ஒரு மூடிய பாட்டில்தான். அதற்கு ஒரே வாசல், காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் போகும் மெல்லிய குழாய். யூஸ்டேக்கியன் குழாய் என்பார்கள். அது எப்போதும் மூடியே இருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு நொடி திறக்கும். விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானாகவே பிதுங்கி வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படி இல்லை. வெளிக்காற்றை நாமாகத் திறந்து உள்ளே விட வேண்டும். விடாவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும், வலிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜோபர்க்கில் விமானம் ஏறும்போது காதில் ஒன்றுமே தெரியாது. “இன்றைக்குக் காது நன்றாக இருக்கிறது” என்று நாமும் அசந்துவிடுவோம். அந்தத் தைரியத்தில்தான் நான் தூங்கினேன்.

சென்னைக்குப் போகிறவர்கள் எங்கே மாறுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். துபாய், மும்பை, சென்னை எல்லாம் கடல் மட்டத்தில் இருப்பவை, இறக்கம் முழுசு. ஆடிஸ் அபாபா 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும்போது காது நிம்மதியாக இருக்கும், அடுத்து சென்னையில் இறங்கும்போதுதான் சோதனை.

2. உங்களுக்கு வருவது எந்த வலி?

இறங்கும்போது வரும் வலி மூன்று வகையாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் வகை, காது அடைத்து, உள்ளே இழுப்பது போல வலித்து, சத்தம் மந்தமாவது. இது நடுக்காதின் பிரச்சினை. விழுங்குவது, கொட்டாவி விடுவது, கீழே சொல்லப்போகும் மூன்று முறைகள் எல்லாம் இதற்குத்தான்.

இரண்டாவது, புருவத்துக்கு மேலோ கன்னத்திலோ மேல் பல்வரிசையிலோ குத்தும் வலி, கூடவே மூக்கடைப்பு. இது சைனஸ். சைனஸ் அறைகளுக்கும் மூக்குக்குள் சின்னத் துவாரங்கள் உண்டு. ஆனால் அவற்றைத் திறக்கத் தசை எதுவும் இல்லை. சளியால் வீங்கி அடைத்துக்கொண்டால் எத்தனை முறை விழுங்கினாலும் பயன் கிடையாது. மூக்கின் வீக்கத்தை முன்கூட்டியே குறைப்பதுதான் வழி. அதற்கு ஸ்பிரே.

மூன்றாவது, சளி எதுவும் இல்லாமலே, இறங்கும்போது மட்டும், ஒரு பக்கக் கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் ஊசி குத்துவது போல வரும் கடும் தலைவலி. தரையிறங்கி அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணியத் தொடங்கும். ‘விமானப் பயணத் தலைவலி’ என்று மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. இது வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் இறக்கத்தில்தான் வருகிறது. இரண்டு பயணங்களில் இப்படி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பறப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வலி மாத்திரை எழுதித் தருவார்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வந்தது முதல் இரண்டும் சேர்ந்தது.

3. டிக்கெட் தேதிக்கு முந்தைய இரண்டு நாள்

ஒரு விரலால் இடது மூக்கை மூடி வலதால் மூச்சு விடுங்கள், பிறகு மாற்றுங்கள். இரண்டும் தாராளமாகப் போகிறதா? அடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். இரண்டு காதிலும் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் சரியென்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒரு காதில் சத்தமே இல்லை, கூடவே சளியும் இருக்கிறது என்றால் பார்மசிக்குப் போக வேண்டியதுதான். காதில் வலியோடு காய்ச்சல், காதிலிருந்து நீர், மஞ்சள் சளியோடு முகவலி, அண்மையில் காதிலோ சைனஸிலோ அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் பறக்காதீர்கள்.

டாக்டர் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால், அதை எழுதிய மருத்துவச் சீட்டைப் பயணத் தேதிக்கு முன்பே, தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான டிக்கெட்டுகளில் தேதி மாற்றக் கட்டணம் சில சமயம் டிக்கெட் விலைக்கே வந்துவிடும். பயணக் காப்பீடு இருந்தால் அதற்கும் பயணத்துக்கு முன்பே எழுதி வாங்கிய சீட்டைத்தான் கேட்பார்கள். பறக்கவில்லை என்று ஆன பிறகு வாங்கும் சீட்டுக்கு மதிப்புக் குறைவு.

பழகிப் பார்க்க ஒரு நல்ல இடம் சொல்கிறேன். டர்பனுக்குக் காரில் போகும்போது என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனென் கணவாயைத் தாண்டி இறங்குவோம் இல்லையா, அங்கேயே காது அடைக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரும்போது மறுபடியும் அடைக்கும். அழுத்தம் மெதுவாக மாறுவதால் அவசரம் இல்லாமல் ஒவ்வொரு முறையையும் செய்து பார்க்கலாம். ஓட்டுபவர் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யட்டும்.

4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

மூக்கு ஸ்பிரே: ஆக்ஸிமெட்டாசோலின் என்ற மருந்து உள்ள ஸ்பிரே வேண்டும் என்று கேளுங்கள். பார்மசியிலேயே கிடைக்கும். நான் வாங்கியது நூறு ரேண்டுக்குள் முடிந்தது. அடித்துச் சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். பெட்டியில் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள், மூன்று நாளைக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால் மருந்து இல்லாமல் மூக்கு திறக்காத நிலை வந்துவிடும். ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் வருடக்கணக்கில் சட்டைப் பையில் ஸ்பிரேயோடுதான் அலைகிறார். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, கண் அழுத்த நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் பார்மசிஸ்டிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் அடிக்கவே கூடாது.

உப்புநீர் ஸ்பிரே: விலை குறைவு, எல்லாரும் பயன்படுத்தலாம். ஜோபர்க்கின் குளிர்காலக் காற்று மூக்கைக் காயவைத்துவிடும். அதற்கு இது நல்லது. ஆனால் வீக்கத்தைக் குறைக்காது.

விமானத்துக்கென்று விற்கும் காது அடைப்பான்: காதுக்கு வந்துசேரும் அழுத்த மாற்றத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். குழாயைத் திறக்காது. நான் இருநூறு ரேண்டுக்கு வாங்கினேன். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு டர்பனில், பிரெட்டைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ சாப்பிட்டிருக்கலாம்.

இவற்றோடு ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாய். எச்சில் ஊறினால்தான் விழுங்க முடியும். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகும் திரவம் எதுவும் 100 மில்லியைத் தாண்டக் கூடாது. ஸ்பிரே பாட்டில்கள் அதைவிடச் சின்னவைதான், ஆனால் பெட்டிக்குள் போட்டுச் சரக்காக அனுப்பிவிடாதீர்கள். இறங்கும்போது கையில் இருக்க வேண்டும்.

5. காதைத் திறக்கும் மூன்று வழிகள், எளியதிலிருந்து

முதல் வழி, விழுங்குவதும் கொட்டாவியும். கொட்டாவி வராவிட்டால் வாயை மூடிக்கொண்டே கீழ்த்தாடையை முன்னே தள்ளி, கொட்டாவியை அடக்குவது போலச் செய்யுங்கள். காதுக்குள் மெல்லிய உறுமல் கேட்டால் குழாய்த் தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். பலருக்கு இதுவே போதும்.

இரண்டாவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி இதை யாரிடமும் கற்கவில்லை. என் நிலைமையைப் பார்த்துவிட்டு, “மூக்கப் பிடி, வாயில தண்ணி வச்சிக்கோ, முழுங்கு” என்றார். எனக்கு இது ரொம்பவும் ஒத்துவந்தது. ஊதுவதே இல்லை என்பதால் ஆபத்தும் குறைவு.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த ஊதும் முறை. வாயை மூடி, மூக்கை விரலால் பிடித்து, மூக்கு சிந்தும் அளவைவிட மென்மையாக உள்ளே காற்றைத் தள்ளுங்கள். கன்னம் உப்ப வேண்டியதில்லை. இரண்டு மூன்று நொடி போதும், ‘டக்’ கேட்டதும் நிறுத்துங்கள். எல்லாரும் தவறு செய்வது இங்கேதான். திறக்கவில்லை என்றதும் இன்னும் பலமாக ஊதுவோம். பலமாக ஊதினால் உள்காதின் சவ்வு கிழிந்து தலைசுற்றலும் காது கேளாமையும்கூட வரலாம். கெட்டிச் சளி இருக்கும்போது ஊதினால் அது நடுக்காதுக்குள் போகும். இந்த முறை இறக்கத்துக்கு மட்டும்தான், விமானம் ஏறும்போது செய்யாதீர்கள்.

இன்னொன்று, கப்புக்குள் வெந்நீரில் நனைத்த டிஷ்யூவை வைத்துக் காதில் கவிழ்த்துக்கொள்ளும் பழக்கம். சூடு இதமாக இருக்கும், குழாய் திறக்காது. சொட்டினால் காது வெந்துபோகும். வேண்டாம்.

6. கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள்

மொத்த விஷயமும் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது. வெளி அழுத்தம் உள்ளே இருப்பதைவிட ஓர் அளவுக்கு மேல், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்குச் சமமான அளவு, கூடிவிட்டால் குழாயின் வாய் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு தசையால் அதைத் திறக்க முடியாது. விமானத்துக்குள் அழுத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் இறங்கும் வேகத்தில் கூடுகிறது. கணக்குப் போடுங்கள்: பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் தூங்கினால் போதும், பூட்டு விழுந்துவிடும். விழித்த பிறகு நான் ஊதியது எல்லாம் பூட்டிய கதவில் மோதியதுதான்.

அடுத்த தைப்பூசத்துக்கு டர்பன் போனபோதும் எனக்கு லேசான சளி இருந்தது. அன்று செய்தது இது.

காலை 5:40, ஏறுவதற்கு முன் வரிசையில் நிற்கும்போது மூக்கை மெதுவாகச் சிந்தி, ஒவ்வொரு பக்கமாக ஸ்பிரே அடித்தேன். ஒரு மணி நேரப் பயணத்தில் இதற்கு மேல் தாமதிக்க இடமில்லை. நீண்ட பயணம் என்றால் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு அடிப்பது நல்லது.

6:15 விமானம் கிளம்பியது. தூங்கக் கூடாது என்று கைபேசியில் 6:35க்கு அதிர்வு அலாரம் வைத்திருந்தேன்.

6:40 வாக்கில் என்ஜின் இரைச்சல் தணிந்தது, விமானத்தின் முன்பக்கம் லேசாகக் கீழே சாய்ந்தது. இறக்கம் தொடங்கிவிட்டதற்கு இதுதான் அடையாளம். சீட் பெல்ட் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் அது தாமதமாகத்தான் எரியும். உடனே மிட்டாயை வாயில் போட்டேன். காது அடைக்கும் முன்பே நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்கினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து விழுங்கினேன்.

6:55க்கு வலது காது ‘டக்’ சொல்லாமல் நின்றது. தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, மென்மையாக ஒருமுறை ஊதினேன். திறந்தது. 7:05க்கு தரை. கடைசி ஐந்து நிமிடம்தான் முக்கியம், ஏனென்றால் கடல் மட்டத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் அழுத்தம் அதிகமாகக் கூடும். சக்கரம் தரையைத் தொடும்வரை விடாதீர்கள்.

கைக்குழந்தை இருந்தால் இறக்கம் தொடங்கியதும் எழுப்பி, தலையை நிமிர்த்தி வைத்துப் பால் கொடுங்கள். மேலே பறக்கும்போதே முழுப் பாட்டிலையும் கொடுத்துவிட்டால் இறங்கும்போது குடிக்காது. அழுதாலும் பயப்பட வேண்டாம், அழும்போது விழுங்குகிறது.

7. பூட்டிக்கொண்டால்

ஊதுவதை நிறுத்துங்கள். தரையிறங்கிய பிறகு ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் கழித்து, மூக்கைப் பிடித்து விழுங்குவதை மட்டும் அவ்வப்போது செய்யுங்கள். வெந்நீர் ஆவியும் உதவும். வலி முதலில் போகும், மந்தம் சில நாள் நிற்கும். காது திறக்கும்வரை திரும்பிப் பறப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஜோபர்க்கில் இறங்குவது எளிதுதான் என்றாலும், ஏற்கெனவே புண்பட்ட காது அது. நான் திரும்பிப் போனது பஸ்ஸில்.

காதிலிருந்து ரத்தமோ நீரோ, திடீரென்று காது கேளாமை, சுழற்றும் தலைசுற்றல், இவை வந்தால் அன்றே டாக்டர். தலைவலி தரையிறங்கியும் ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் பலவீனமானாலோ அது அழுத்தப் பிரச்சினை அல்ல. ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

8. டாக்டர் செலவும் காகிதமும்

புதிதாக வந்தவர்கள் பலருக்குக் கம்பெனி கொடுத்திருப்பது ஆஸ்பத்திரித் திட்டம் மட்டும்தான். சாதாரண டாக்டர் செலவு அதில் வராது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நான் தனியார் டாக்டரிடம் கொடுத்தது ஐந்நூறு ரேண்டுக்குச் சற்று மேல். காதுக்குள் விளக்கை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்போர்ட், மெடிக்கல் எய்ட் அட்டை, போர்டிங் பாஸ் மூன்றையும் கொண்டுபோங்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் பயணக் காப்பீட்டில் கேட்க உதவும்.

பில்லில் நோய்க் குறியீடு இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். அது இல்லாமல் மெடிக்கல் எய்ட் பணம் தராது. அழுத்தத்தால் காதில் வந்த பாதிப்புக்கு T70.0, சைனஸுக்கு T70.1. எனக்கு வெறும் ‘காது வலி’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அதைத் திருத்தி வாங்க இன்னொரு நாள் லீவு போட வேண்டியதாயிற்று.